முதல் சொல்லை மட்டும் நம்பிய தாள்

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வாசல் காவலர் முதல் மேலாளர் வரை மற்ற எல்லாருக்கும் அவள் ‘முழுவாக்கியம்’. விசாரணைப் பிரிவில் வாக்குமூலம் தட்டச்சு செய்வது அவள் வேலை. யாராவது எதையாவது உடைத்தாலோ, கொட்டினாலோ, மேற்பார்வையாளரை வாய்க்கு வந்தபடி திட்டினாலோ, இதில் எதையுமே செய்யாமல் வெறுமனே மாட்டிக்கொண்டாலோ, முதலுதவி அறைக்கு அடுத்த அறையில் விசாரணை நடக்கும். கேட்பவர் விசாரணை அதிகாரி. பதில் சொல்பவர் மாட்டியவர். இரண்டையும் ஒரு சொல் விடாமல் அடிப்பவள் இவள். முடிவு மட்டும் மாடியில் இருக்கும் மேலாளருடையது.

இருபத்தாறு வருஷம் அடுத்தவர் பதிலையே கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. ஒற்றைச் சொல்லில் யார் பதில் சொன்னாலும் நம்ப மாட்டாள். வீட்டுக்காரர் தையல்காரர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் அவருடைய பதில்கள் இயல்பாகவே குட்டையானவை.

“ஏங்க, டீ வேண்டாமா?”

“ம்.”

“ம்னா? வேணும்கிற ம்மா, வேண்டாம்கிற ம்மா?”

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். “இத்தனை வருஷமா இந்த வீட்ல நான் டீ வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?”

“நான் கேட்டதுக்கு நீங்க திருப்பிக் கேக்கறீங்க. அது பதில் இல்ல.”

“டீ வேணும். எனக்கு. இப்ப. சர்க்கரை போட்டு. எங்க கையெழுத்துப் போடணும்?”

அவர் கிண்டல் செய்தாலும் அவள் கட்சியில் நியாயம் இருந்தது. ‘மூடினீங்களா?’ என்று கேட்டால் வம்பில்லை. ஆமா என்றால் மூடினார், இல்லை என்றால் மூடவில்லை. ‘மூடலையா?’ என்று கேட்டுவிட்டால்தான் வினை. ‘ஆமா’ என்பவன் பெரும்பாலும் கேட்டவரோடு ஒத்துப்போகிறான்: ஆமா, மூடலை. ‘இல்ல’ என்பவன் இரட்டைப்பிறவி. ஒருத்தன் ‘இல்ல, மூடினேனே’ என்று கேட்டவரை மறுக்கிறான். இன்னொருத்தன் ‘இல்ல, மூடல’ என்று கேட்டவரோடு சேர்ந்து தலையாட்டுகிறான். முதல் சொல் ஒன்றுதான், ஆள் வேறு. பின்னால் வரும் வினைச்சொல்லைக் கேட்காமல் யார் எவர் என்று சொல்ல முடியாது. அதனால் விசாரணை அறையில் யாராவது ‘இல்ல’ என்று நிறுத்தினால் அவள் விரல்களைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பாள். எதிராளி சங்கடப்பட்டு மீதி வாக்கியத்தையும் கக்கிவிடுவார். பெயர் வந்த கதை இதுதான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கொஞ்ச காலமாகவே ஒரு சந்தேகம். விசாரணை அதிகாரி மேல்.

அவர் தபால் துறையில் ஓய்வு பெற்று, நாலு வருஷத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தவர். செவ்வாயும் வெள்ளியும் வருவார். தடித்த பை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். பேச்சு வெண்ணெய். ‘உட்காருங்க’ என்றுகூடச் சொல்ல மாட்டார், ‘உட்கார மாட்டீங்களா?’ என்பார். இவ்வளவு மென்மை ஒரு மனிதனுக்கு எதற்கு என்று அவளுக்கு முதல் நாளே உறுத்தியது.

உறுத்தல் சந்தேகமானது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் விஷயத்தில். வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதியவர் அவர். “காலையில பிரேக்கைப் பரிசோதிக்கலையாப்பா?” என்று அதிகாரி கேட்க, “ஆமா சார், பரிசோதிக்கல. மறந்துட்டேன். தப்புதான்” என்று ஓட்டுநர் கண் கலங்கியதை இவளே அடித்தாள். பாவம், வேலை போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. அடுத்த மாதம் வாசலில் இருக்கும் பாதுகாப்புப் பலகையில் அவருடைய படம் வந்தது. கீழே ‘முன்னெச்சரிக்கை மிக்க பணியாளர்’. அதற்கு மறு வாரம் அவர் அதிகாரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்ததை இவள் கதவிடுக்கில் பார்த்தாள்.

அதே சமயம் பொட்டலப் பிரிவில் இருந்த பெண் ஒருத்தி, “எடை பார்க்கலையாம்மா?” என்றதற்கு “இல்ல சார், பார்த்தேன். ஒவ்வொண்ணும் பார்த்தேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒப்புக்கொள்கிறவன் தப்பிக்கிறான், மறுக்கிறவள் போகிறாள். முழுவாக்கியம் மனசுக்குள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ண எண்ண அதே கணக்கு. போனவர்கள் கத்தத்தான் செய்தார்கள், ஆனால் வேலை போனவர் எல்லாருமே கத்துவார்கள் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை. தப்பித்தவர்கள் மூச்சு விடவில்லை. மேல்முறையீடும் அதே மேலாளருக்குத்தான் போனது.

‘வெண்ணெய்ப் பேச்சு, தடித்த பை, வாழைப்பழம். இன்னும் என்ன வேணும்?’ என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அது எதிர்மறைக் கேள்வி இல்லை என்பதால் பதில் தேவைப்படவில்லை.

அப்போதுதான் தொட்டிக்காரர் மாட்டினார்.

எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி. மூன்றாம் தொட்டியின் அடி வால்வு வழியாக இரண்டு நாளுக்கான எண்ணெய் சாக்கடைக்குப் போயிருந்தது. வேலை போனால் அவர் குடியிருக்கும் தொழிற்சாலை வீடும் போகும். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். அவரும் மனைவியும், இருபது வருஷமாக அவர் வளர்த்த ஒரு எலுமிச்சை மரமும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

“நீங்க வால்வை மூடலையா?” என்றார் அதிகாரி, நோயாளியிடம் நலம் விசாரிப்பது போல.

“இல்ல சார், மூடினேன். மூடிட்டுச் சக்கரத்துல சிவப்புத் துணியும் கட்டினேன். எப்பவும் கட்டுவேன்.”

அடுத்து ஃபிட்டர் சாட்சி சொன்னார். “வால்வு பழுதாகலையாப்பா?”

“இல்ல சார், பழுதாயிருந்துச்சு. உள்ள ரப்பர் வளையம் கிழிஞ்சு தொங்குச்சு. மூடினாலும் ஒழுகும். சிவப்புத் துணி கட்டினபடியே இருந்துச்சு சார், நான்தான் அவுத்தேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தப்பிக்க முடியாது. முழுவாக்கியம் ஆறு பக்கம் அடித்தாள். மூன்று பேரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே போகும்போது தொட்டிக்காரர் அவளிடம், “எல்லாம் சரியா எழுதிட்டீங்கல்ல மேடம்?” என்றார். “நீங்க சொன்னதுல ஒரு எழுத்து விடல” என்றாள் அவள், பெருமையாக.

வியாழக்கிழமை மேலாளர் அறையிலிருந்து தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. அவள் பாதி அடித்தபின்தான் என்ன அடிக்கிறோம் என்பதைப் படித்தாள். ‘வால்வை மூடவில்லை என அவரே ஒப்புக்கொண்டிருப்பதாலும், வால்வில் பழுது ஏதும் இல்லை எனச் சாட்சி உறுதி செய்திருப்பதாலும், தொட்டிக்காரர் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.’ வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் கையெழுத்துப் போடுவார்.

ஒப்புக்கொண்டாரா? அவள் இரண்டு காதாலும் கேட்டாளே!

‘பக்கத்தை மாத்திட்டான் மனுஷன்’ என்று முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, அதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் கோப்பு அறைக்குள் நுழைந்தாள். நீளமான, சன்னலில்லாத அறை. ஈரக் காகிதமும் சோப்பும் கலந்த வாசனை. தொட்டிக்காரரின் கோப்பை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள். அலமாரிக்குப் பின்னால், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கோப்போடு, விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். தடித்த பை காலி. அதற்குள்ளிருந்த பஞ்சுத் திண்டு அவருக்குக் கீழே இருந்தது.

“கையும் களவுமா…” என்றாள் அவள்.

“…பிடிச்சாச்சு” என்று முடித்தார் அவர், அவளைப் பார்த்து. “தொட்டிக்காரர் விஷயம் நேத்தே காதுக்கு வந்துச்சு. நீங்க வருவீங்கன்னு தெரியும்மா.”

“நானா? பக்கத்தை மாத்தறது நீங்க. பழம் வாங்கறது நீங்க.”

“பழமா? அந்த ஓட்டுநர் எனக்கு மட்டுமா குடுத்தான்? முதலுதவி நர்ஸுக்கும் ஒரு சீப்பு குடுத்தான். பொண்ணு பாஸாயிட்டாளாம். பக்கத்தை நான் ஏம்மா மாத்தணும்? நான் கையெழுத்துப் போட்டதோட சரி. அதுக்கப்புறம் காகிதத்தைத் தொடற ஒரே ஆள் நீங்க.” அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “நாலு வருஷமா குறிச்சு வச்சிருக்கேன். நான் குத்தமில்லைன்னு நெனச்சவங்கள்ல ஒன்பது பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க. குத்தம் செஞ்சேன்னு அழுதவன் படம் பலகையில தொங்குது. நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு நான் சந்தேகப்படலையா?”

“பட்டீங்களா, படலையா?” என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

“பட்டேன்மா! நாலு வருஷமா பட்டேன். முழு வாக்கியம் போதுமா?”

இருவரும் ஒருவரையொருவர் கண்ணெடுக்காமல் பார்த்தபடி, ஒரே கோப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, மேசைக்கு நகர்ந்தார்கள். ஆறு பக்கமும் இருந்தன. கையெழுத்துகள் அப்படியே. ‘இல்ல சார், மூடினேன்’ அப்படியே. ஒரு எழுத்து மாறவில்லை.

“அப்ப மேலாளர் இதைப் படிக்கலையா?” என்றார் அதிகாரி.

“அவர் எங்க இதைப் படிக்கிறார். அவருக்குப் போறது சுருக்கத்தாள்தான்” என்றாள் அவள்.

“அது என்ன சுருக்கத்தாள்?”

அவள் கோப்பின் பின்னட்டையில் செருகியிருந்த ஒற்றைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார். அவளும் ஒரு வகையில் அப்படித்தான்.

இடப்பக்கம் விஷயம், வலப்பக்கம் ஆம் அல்லது இல்லை. ‘வால்வு மூடப்பட்டது: இல்லை. வால்வு பழுது: இல்லை.’ ஓரத்தில் அடித்தவர் முதலெழுத்து. அவளுடைய முதலெழுத்து.



அந்தத் தாள் அவள் கண்டுபிடிப்பு. பதினோரு வருஷத்துக்கு முன், நாற்பது பக்கம் படிக்க நேரமில்லை என்று அப்போதைய மேலாளர் சலித்துக்கொண்டபோது, ஒவ்வொரு கேள்வியின் விஷயத்தையும் இடப்பக்கம் போட்டு, பதிலின் முதல் சொல்லை வலப்பக்கம் போட்டால் ஒரே தாளில் முடிந்துவிடும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். அப்போது இருந்த விசாரணை அதிகாரி முரட்டு ஆள். ‘மூடினியா?’ என்றுதான் கேட்பார். முதல் சொல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சிறந்த யோசனைக்காக அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். விசாரணை அறையில் அவள் தலைக்கு மேல் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு இந்த வெண்ணெய் மனிதர் வந்தார், எல்லாவற்றையும் ‘இல்லையா’ போட்டுக் கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, பதினோரு வருஷப் பழக்கத்தில், முதல் சொல்லை மட்டும் பொறுக்கி வலப்பக்கம் போட்ட விரல்கள் அவளிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. ‘ஆமா, பரிசோதிக்கல’ என்றவனுக்குப் ‘பிரேக் பரிசோதனை: ஆம்’. ‘இல்ல, பார்த்தேன்’ என்றவளுக்கு ‘எடை பார்த்தல்: இல்லை’. ஊரிலுள்ள எல்லார் வாயிலிருந்தும் முழு வாக்கியத்தைப் பிடுங்கியவள், பிடுங்கியதை எல்லாம் தன் கையாலேயே முதல் சொல்லாக நறுக்கியிருக்கிறாள்.

“நீங்க ஏன் சார் நேரா கேக்க மாட்டேங்கறீங்க?” என்றாள்.

“‘மூடினியா’ன்னு கேட்டா மிரட்டற மாதிரி இருக்கும்மா. பாவம், ஏற்கெனவே பயந்து வந்திருக்கான். ‘மூடலையா’ன்னா கொஞ்சம் ஆறுதலா…” அவர் பாதியில் நிறுத்திவிட்டு நோட்டைப் பார்த்தார். “ஒன்பது பேரும்மா.”

நோட்டிலிருந்த ஒன்பது பேர் கோப்பையும் எடுத்துப் பார்த்து முடித்தபோது மணி பதினொன்றே முக்கால். கையெழுத்து மதியம்.

மாடிப்படி ஏறும்போது அவளுக்கு ஒரு அற்ப யோசனை வந்தது. ஏதோ தட்டச்சுப் பிழை என்று இந்த ஒரு தாளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டால்? தொட்டிக்காரர் தப்பிப்பார். மற்ற ஒன்பதும் கோப்பு அறையிலேயே தூங்கும். கடிகாரமும் சுவரிலேயே இருக்கும். பின்னால் வந்த அதிகாரிக்கும் அதே யோசனை வந்திருக்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறினார்கள்.

மேலாளர் தாளையும் பார்த்தார், பக்கங்களையும் பார்த்தார். எழுத்துகள் இவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

“இது எப்படி ஆச்சு? எல்லாக் கோப்பும் இப்படியா, இது மட்டுமா?” கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இந்தத் தாள் நீங்க உருவாக்கினது இல்லையா?”

அந்தக் கேள்வியை அவளுக்காகவே செய்து வைத்தது போலிருந்தது. ‘இல்ல சார்’ என்று ஒரு சொல் போதும். தனக்குப் பிடித்த அர்த்தத்தை அவர் எடுத்துக்கொள்வார். பின்னால் யாராவது கேட்டால் தனக்குப் பிடித்த அர்த்தத்தை இவள் எடுத்துக்கொள்ளலாம். மீதி வாக்கியத்தைக் கேட்கிற ஒரே ஆள் அந்தத் தொழிற்சாலையில் அவள்தான். அவள் கேட்காவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

முழுவாக்கியத்தின் விரல்கள் காற்றில் ஒரு நொடி உயர்ந்து நின்றன.

“நான் உருவாக்கினதுதான் சார். பரிசா கடிகாரம்கூட வாங்கினேன். நாலு வருஷமா எதிர்மறையா கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலைத் தலைகீழாப் போட்டிருக்கேன். தொட்டிக்காரர் வால்வை மூடினார். வால்வு பழுது. இவருக்கு முன்னாடி ஒன்பது பேர் இருக்காங்க.”

“நான் கேட்ட விதமும் சரியில்ல சார்” என்றார் அதிகாரி, யாரும் கேட்காமலேயே.

மேலாளர் பணிநீக்க உத்தரவை எடுத்து, கிழிப்பாரோ என்று இருவரும் பார்க்க, கவனமாக இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு, “அப்ப பலகையில இருக்கிற அந்த டிரைவர்?” என்றார்.

“பிரேக்கைப் பார்க்கல சார். அவரே சொன்னார். நாலாம் பக்கம்.”

படத்தை அன்று மாலையே கழற்றினார்கள். சதுரமாக ஒரு வெளுத்த இடம் பலகையில் மிஞ்சியது. கடிகாரத்தை அவளே கழற்றிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார் மேலாளர், அதை அடித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் அதையும் அவளே அடித்தாள். ஒன்பது பேருக்கும் திரும்ப அழைக்கும் கடிதம் போனது. ஐந்து பேர் வந்தார்கள். இருவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒருவரின் கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பொட்டலப் பிரிவுப் பெண் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்: ‘வர மாட்டேன்.’ அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

தொட்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல அவளே தொட்டிப் பக்கம் போயிருந்தாள். எண்ணெய் வழுக்கும் இரும்புப் படிகள். பம்புச் சத்தம். அவர் மூன்றாம் தொட்டிக்குக் கீழே குந்தியிருந்தார். புது ரப்பர் வளையம் போட்ட வால்வு. அவள் சொல்லச் சொல்ல முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டார். சுருக்கத்தாளைப் பற்றியும், அது யார் செய்தது என்பதையும் அவள் ஒளிக்கவில்லை.

“வீடும் உங்களுக்குத்தான். எலுமிச்சை மரமும். இப்பவாவது நிம்மதியா இல்லையா?” என்றாள். கேட்டபிறகுதான் எப்படிக் கேட்டோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இல்ல மேடம்” என்றார் அவர்.

அவ்வளவுதான். சக்கரத்தைப் பிடித்துச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார்.

“இல்லன்னா? நிம்மதியா இருக்கா, இல்லையா? முழுசா சொல்லுங்க.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கடைசி வரை இறுக்கினார். இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து ஆரக்காலில் இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு எழுந்து, பம்புச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“மூடிட்டேன் மேடம்! மூணாம் தொட்டி, அடி வால்வு, இன்னைக்கு, நான்தான் மூடினேன். இதை எழுதிக்குங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்.”

அவர் படியேறிப் போகும்வரை அவள் நின்றாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, சக்கரத்தைத் தன் கையாலும் ஒரு தடவை திருகிப் பார்த்தாள். அசையவில்லை.